படத்தில் வைக்கும் தாடி ஒட்டினது போலத் தெரியாமல் இருக்க

கேள்வி: "மழித்த முகத்தோடு எடுத்த என் தம்பியின் படத்தில் ஒரு மாதத் தாடி வைத்துப் பார்க்க ஆசை. வேறொரு படத்திலிருந்து தாடியை வெட்டி ஒட்டினேன், முகமூடி மாட்டின மாதிரி இருக்கிறது. பிரஷ்ஷால் வரைந்தால் மை தடவின மாதிரி வருகிறது. நிஜம் போலத் தெரிய என்ன செய்ய வேண்டும்? தலைமுடி ஸ்டைலை மாற்றவும் இதே வழிதானா?"

முகமூடி போல ஆவதற்கும் மை போல ஆவதற்கும் காரணம் ஒன்றுதான். இரண்டிலும் தாடி தனியாக ஒரு பொருளாகத் தோலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உண்மையான தாடியில், அதுவும் ஒரு மாதத் தாடியில், முடிக்கு நடுவே தோல் தெரிந்துகொண்டே இருக்கும். கன்னத்தில் மேலே போகப் போக முடி குறைந்து, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி கரைந்துவிடும். பார்க்கிறவர் தாடியின் நடுப்பகுதியை ஆராய்வதில்லை. தோலும் முடியும் சந்திக்கிற ஓரம் சரியாக இருந்தால் நடுப்பகுதியை அவர் மனமே நிரப்பிக்கொள்ளும். ஓரம் தப்பாக இருந்தால் நடுவில் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் பயனில்லை. நான் பல வருடங்களாகப் போர்ட்ரெய்ட் படங்களைத் திருத்தும் வேலை செய்கிறேன். கீழே எழுதுவதெல்லாம் அந்தப் பழக்கத்திலிருந்து வருவது. ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன். ஜிம்ப், கிரிட்டா போன்ற இலவச மென்பொருள்களிலும் லேயர், மாஸ்க், Multiply எல்லாம் இருப்பதால் முறை மாறாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை, ஆனால் மை தடவின மாதிரி வருவதற்கு விடை இதில்தான் இருக்கிறது. வயது வந்த ஒருவரின் மோவாய் நுனியிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் படத்தில் அந்தத் தூரம் எத்தனை பிக்சல் என்று அளந்து பாருங்கள். 1800 பிக்சல் இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சல். தாடி முடியின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஆக ஒரு முடி உங்கள் படத்தில் ஒரே ஒரு பிக்சல் அகலம்தான். 5 பிக்சல் பிரஷ்ஷால் கோடு போட்டால் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள முடியை வரைகிறீர்கள், அப்படியொரு முடி யாருக்கும் கிடையாது. நீளத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். தாடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் உங்கள் படத்தில் மிக நீளமான முடி 100 பிக்சல், அதுவும் முகத்தின் ஓரத்தில் பக்கவாட்டில் தெரியும்போது மட்டும். மோவாயின் நடுவிலும் முன்கன்னத்திலும் முடி கேமராவை நோக்கி நிற்பதால் குட்டையாக, சில இடங்களில் வெறும் புள்ளியாகத்தான் தெரியும்.

இதே கணக்கில் முகம் 500 பிக்சல்தான் என்றால் ஒரு முடி மூன்றில் ஒரு பங்கு பிக்சல் கூட வராது. அந்தப் படத்தில் தனித்தனி முடி வரையக் கூடாது. கேமராவே அந்த முடிகளைத் தனியாகப் பதிவு செய்திருக்காது, மங்கலான கொத்துகளாகத்தான் பதிவு செய்திருக்கும். சின்னப் படத்தில் கூர்மையான முடி வரைவது போலித்தனத்தை உடனே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, தம்பிக்குத் தாடி எங்கே வளரும் என்று அவர் முகமே சொல்லும். சவரம் செய்த தோலிலும் முடியின் அடிப்பகுதி தோலுக்குள் இருக்கிறது, அதனால்தான் அந்த இடம் லேசான சாம்பல் நிறத்தில் தெரிகிறது. Channels பலகத்தில் Red சேனலை மட்டும் தனியாகப் பாருங்கள். தோலின் சிவப்பு, பரு, தழும்பின் சிவப்பு எல்லாம் அதில் வெளிறிப் போய்விடும். முடியின் கருமை மட்டும் அப்படியே நிற்கும். கன்னத்தில் எந்த உயரத்தில் தொடங்குகிறது, மீசைக்கும் தாடிக்கும் இடையில் இணைப்பு இருக்கிறதா, எங்கே வெற்றிடம் என்பதையெல்லாம் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஓரளவு படிக்கலாம். தோல் நிறம் மிகக் கருமையாக இருந்தால் வேறுபாடு குறைவாகத் தெரியும், Curves கொண்டு சற்றுத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். படம் எடுத்த அன்றுதான் சவரம் செய்திருந்தாலும் பெரும்பாலும் ஏதாவது தடயம் இருக்கும். அந்த எல்லையைத் தனி லேயரில் மெல்லிய கோடாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அழித்துவிடலாம்.

அந்தத் தடயம் கிடைக்காவிட்டால் பெரும்பாலான முகங்களுக்குப் பொருந்தும் சில விஷயங்களை வைத்துக்கொண்டு போகலாம். கன்னத்து முடி கீழ்நோக்கி, சற்றே காதுப் பக்கமாகச் சாய்ந்து வளரும். மீசை மூக்குக்குக் கீழ் உள்ள பள்ளத்தின் இரு பக்கமும் பிரிந்து வெளிப்பக்கமாகவும் கீழாகவும் போகும். அந்தப் பள்ளத்தில் முடி குறைவு. கீழ் உதட்டுக்கு நேர் கீழே நடுவில் ஒரு சின்னக் கொத்து, அதன் இருபுறமும் முடி இல்லாத அல்லது மிகக் குறைந்த இடம். வாயின் இரண்டு ஓரங்களிலும் பலருக்கு அடர்த்தி குறையும். தாடைக்குக் கீழே கழுத்தில் திசை ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குச் சுழி. அது பெரும்பாலும் நிழலில் இருப்பதால் அங்கே துல்லியம் தேவைப்படுவதில்லை. உதட்டின் சிவப்பு தொடங்கும் விளிம்பை ஒட்டி மெல்லிய ஒரு கோடு அளவுக்கு முடி முளைக்காத தோல் இருக்கும். மீசை முடி அதன் மேல் வந்து விழலாம், ஆனால் அங்கிருந்து முளைக்காது. வரைந்த மீசைகளில் அதிகம் பார்க்கிற தவறு அதுதான்.

இப்போது வேலைக்கு வருவோம். முடியைத் தொடுவதற்கு முன் தோலைக் கருக்க வேண்டும். புது லேயர், மோடு Multiply. நிறத்தைத் தம்பியின் முகத்திலேயே நிழல் விழும் பக்கத்திலிருந்து எடுத்து, அதன் செறிவைப் பாதியாகக் குறையுங்கள். கறுப்பு எடுக்கவே வேண்டாம், கறுப்பை Multiply செய்தால் தோல் அழுக்காகிவிடும். மென்மையான பெரிய பிரஷ், Flow 10 சதவீதத்துக்குள். தாடி வரும் பகுதி முழுக்க மெல்ல மெல்ல ஏற்றுங்கள். கன்னத்து மேல் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு, அதாவது உங்கள் கணக்கில் 100 பிக்சலுக்கு, படிப்படியாகக் கரைய விடுங்கள். மோவாயும் தாடை ஓரமும் கூடக் கருமை, வாயோரமும் உதட்டுக் கொத்தின் இரு பக்கமும் குறைவு. இந்த லேயர் மட்டும் முடிந்த நிலையில் படத்தைப் பார்த்தால், தம்பி இரண்டு நாள் சவரம் செய்யாதவர் போல இருக்க வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். இதற்கு மேல் வைக்கும் எதுவும் இந்தக் குறையை மறைக்காது.

அதன் மேல் முடியின் திரள். இங்கேதான் இரவல் படம் உதவும், ஆனால் நீங்கள் செய்தது போல முழுத் தாடியையும் ஒரே துண்டாக வெட்டி வைப்பது சரிவராது. இரவல் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதை மாற்றிவிடலாம். மாற்ற முடியாதவை வெளிச்சம் வரும் திசையும், முகம் திரும்பியிருக்கும் கோணமும், கேமரா இருந்த தூரமும். மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழுகிறது என்று இரண்டு படத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். எதிர்ப் பக்கம் விழுந்தால் இரவல் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ளலாம். மிக அருகில் வைத்து எடுத்த செல்ஃபியில் மூக்கும் மோவாயும் பெரிதாகி, தாடையின் பின்பகுதி சுருங்கியிருக்கும். அந்தத் தாடியைத் தள்ளி நின்று எடுத்த முகத்தில் எப்படி இழுத்தாலும் பொருந்தாது. இன்னொன்று, இரவல் முகம் உங்கள் படத்தின் முகத்தைவிடப் பெரிதாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். சின்னதைப் பெரிதாக்கினால் ஒரு பிக்சல் முடி மூன்று பிக்சல் ஆகி, கணக்கு கெட்டுவிடும்.

இரவல் தாடியிலிருந்து முடியை மட்டும் எடுத்து, அந்த ஆளின் தோலை விட்டுவிட ஒரு வழி இருக்கிறது. அந்தப் படத்தின் Red சேனலை நகல் எடுத்து ஒரு லேயராக ஒட்டுங்கள். தோல் வெளிறி, முடி கறுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். பிறகு Levels திறந்து, வெள்ளைப் புள்ளியைக் குறிக்கும் Eyedropper என்ற சொட்டானை எடுத்து, தாடிக்குச் சற்று மேலே உள்ள கன்னத்துத் தோலில் கிளிக் செய்யுங்கள். தோல் முழு வெள்ளையாகிவிடும். இந்த லேயரை Multiply-க்கு மாற்றினால் வெள்ளை மறைந்து, முடி மட்டும் தம்பியின் தோல் மேல் நிற்கும். முடிகளுக்கு இடையே தெரிவது தம்பியின் சொந்தத் தோல், அவருடைய துளைகள், அவருடைய நிறம். முகமூடித் தோற்றம் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலேயே போய்விடும். மோவாய்க்குக் கீழ் போன்ற நிழல் பகுதியில் தோல் முழுக்க வெள்ளையாகாமல் சாம்பலாக நிற்கும். அங்கே தனியாக இன்னொரு நகலில் வேறு இடத்தில் கிளிக் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கிடைத்த முடியை இடது கன்னம், வலது கன்னம், மோவாய், மீசை என்று நான்கைந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைத்து, Warp அல்லது Puppet Warp கொண்டு தம்பியின் முக எலும்புக்கு ஏற்ப வளையுங்கள். மேலே சொன்ன திசை ஒவ்வொரு துண்டிலும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று அரை சென்டிமீட்டராவது ஏறி நிற்கட்டும், மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால் சேர்த்துவிடலாம். கன்னத்து மேல் ஓரத்தில் மட்டும் மென்மையான பிரஷ் வேண்டாம். அங்கே மாஸ்க்கை 2 பிக்சல் பிரஷ்ஷால் முடியின் திசையிலேயே கீறிக் கீறி அழியுங்கள். அப்போதுதான் ஓரத்தில் பாதி முடி பாதி புகை என்று நிற்காமல், முழு முடிகள் இடைவெளி விட்டுவிட்டு நிற்கும். நிறத்துக்கு, இந்தத் துண்டுகளையெல்லாம் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்பின் மோடையும் Multiply ஆக்கி, குரூப்புக்குள்ளேயே எல்லாவற்றுக்கும் மேலே Hue/Saturation வைத்து Colorize செய்து, தம்பியின் புருவ நிறத்துக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். தலைமுடியிலிருந்து நிறம் எடுப்பதைவிட இது நல்லது. பலருக்குத் தாடி தலைமுடியைவிட ஒரு சாயல் வெளுத்தோ செம்பட்டையாகவோதான் இருக்கும்.

Multiply-க்கு ஒரு குறை உண்டு. அது எதையும் வெளுக்காது, கருக்க மட்டுமே செய்யும். அதனால் தாடியில் வெளிச்சம் பட்டு மினுங்கும் முடிகள் காணாமல் போய், தாடி தட்டையாகத் தெரியும். அதைச் சரிசெய்வதுதான் கடைசியில் கையால் வரையும் முடிகளின் வேலை. சாதாரண மோடில் ஒரு லேயர். 2 பிக்சல் பிரஷ், Shape Dynamics பகுதியில் Size Jitter-க்குக் கீழே Control என்பதை Pen Pressure ஆக்குங்கள். பேனா டேப்லெட் இருந்தால் வேரில் அழுத்தி நுனியில் விட்டுவிடுங்கள். மவுஸ்தான் இருக்கிறது என்றால், பென் டூலால் சின்ன வளைந்த பாதைகளைப் போட்டு, Stroke Path கொடுக்கும்போது Simulate Pressure என்பதை டிக் செய்யுங்கள். இரு முனையும் மெலிந்த கோடு வரும். வேர் முனை மெலிந்திருப்பது கீழே கருமை இருப்பதால் தெரியாது. மூன்று நிறம் போதும். தாடியின் கருமை, அதைவிட ஒரு படி வெளுப்பு, அப்புறம் தலைமுடியின் மினுமினுப்பிலிருந்து எடுத்த வெளிர் நிறம். வெளிர் முடிகள் வெளிச்சம் விழும் பக்கத்தில் மட்டும், அதுவும் எண்ணக்கூடிய அளவில். எல்லா முடியும் ஒரே சாய்வில் இருந்தால் சீப்பு வைத்து வாரினது போல ஆகிவிடும். பக்கத்து முடியிலிருந்து பத்து இருபது டிகிரி விலகி, சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழட்டும்.

இந்தக் கைவேலையை எங்கே செய்வது என்பதுதான் முக்கியம். கன்னத்து மேல் ஓரம், மீசையின் கீழ் ஓரம், தாடையின் வெளிக்கோடு, இந்த மூன்று இடங்களில் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள். தாடையின் வெளிக்கோட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நன்றாக வந்த வேலைகள் கூட இங்கே வந்து கெட்டுப்போகின்றன. மழித்த முகத்தில் தாடை ஒரு சுத்தமான வளைவாகப் பின்னணியிலிருந்தும் கழுத்திலிருந்தும் பிரிந்து தெரியும். தாடி வந்தால் அந்த வளைவு அப்படியே இருக்க முடியாது. முடி எலும்பைத் தாண்டி வெளியே நிற்கும், மோவாய் சற்று நீளும், தாடை ஓரம் சற்று அகலும். ஒரு சென்டிமீட்டர் முடியும் நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, படிந்திருக்கும். ஆகவே வெளிக்கோடு ஓரத்தில் 20 முதல் 40 பிக்சல், மோவாய்க்குக் கீழே கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தால் சரியாக இருக்கும். தாடையின் பழைய விளிம்பில் சட்டையிலிருந்தோ பின்னணியிலிருந்தோ பட்டுத் திரும்பும் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று பல படங்களில் இருக்கும். அது தாடிக்கு நடுவே வெளிறிய கீற்றாக நின்றுகொண்டிருந்தால் கண் உடனே அங்கே போகும். அதை முதலில் குளோன் செய்து அடக்கிவிடுங்கள். புதிய வெளிக்கோட்டிலிருந்து பத்துப் பதினைந்து தனி முடிகள் மட்டும் பின்னணிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கட்டும். ஓரம் முழுக்க முடி நீட்டினால் துடைப்பம் போல ஆகிவிடும்.

வெளிக்கோடு நகர்ந்தால் நிழலும் நகர வேண்டும். தாடையின் நிழல் கழுத்தில் முன்பு விழுந்த இடத்தைவிடச் சற்றுக் கீழே வரை இறங்கும், அதன் விளிம்பும் கூர்மை இழக்கும். கழுத்து நிழலுக்கு ஒரு Multiply லேயர், கழுத்தின் நிழல் நிறமே போதும். ஓரத்தில் நீங்கள் வரைந்த தனி முடிகளுக்கும் நிழல் வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி மேல் கீறினது போல மிதக்கும். முடி லேயரை நகல் எடுத்துக் கீழே வைத்து, தோலின் அடர் நிறமாக மாற்றி, வெளிச்சத்துக்கு எதிர்ப் பக்கமாக ஒன்றிரண்டு பிக்சல் நகர்த்தி, Gaussian Blur 1 பிக்சல் கொடுத்து, Opacity 30 சதவீதத்துக்குக் குறைத்தால் போதும். வெளிச்சம் இடது ஜன்னலிலிருந்து வந்தால் நிழல் வலப்பக்கம், சற்றுக் கீழே. முகத்தின் நிழல் பக்கத்தில் இதெல்லாம் வேண்டாம். அங்கே முடிகள் தனித்தனியாகவே தெரியக் கூடாது, கருமைத் திரளாக இருந்தால்தான் சரி.

கூர்மையைப் பொருத்துவதற்குப் படத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது, தம்பியின் புருவம். புருவ முடி எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ, அதே தொலைவில் உள்ள தாடி முடியும் அவ்வளவுதான் இருக்க முடியும். போர்ட்ரெய்ட்டில் ஃபோகஸ் பொதுவாகக் கண்ணில் இருக்கும். காதுக்குப் போகப் போக மங்கும். கிருதாவைப் பாருங்கள், அது எவ்வளவு மங்கலோ, அதோடு சேரும் தாடியின் மேல்பகுதியும் அவ்வளவு மங்க வேண்டும். தாடி லேயர்களை ஒரே அளவில் மங்கலாக்காமல், மங்கிய நகல் ஒன்றை வைத்து மாஸ்க் மூலம் காதுப் பக்கம் மட்டும் கொண்டு வாருங்கள். அப்புறம் புள்ளி இரைச்சல். கேமராப் படத்தில் எங்கும் ஒரு மெல்லிய நொய்ஸ் இருக்கும். வரைந்த இடத்தில் அது இருக்காது, பெரிதாக்கிப் பார்த்தால் வழவழவென்று காட்டிக்கொடுக்கும். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை Overlay-க்கு மாற்றி, Add Noise கொடுத்து, தாடிப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் செய்யுங்கள். 1 முதல் 3 சதவீதத்துக்குள் பக்கத்துக் கன்னத்தோடு பொருந்திவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புங்கள். பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண்ணுக்கு ஒரு பக்கம் அடர்த்தி கூடியிருப்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் முகத்துக்கு முன் தாடி கண்ணில் பட்டால் அது மிகக் கருமை என்று அர்த்தம். கறுப்பு வெள்ளையாக்கி, தாடியின் மிகக் கருத்த இடத்தை மூக்குத் துவாரத்தின் கருமையோடு ஒப்பிடுங்கள். வெளிச்சப் பக்கத்தில் தாடி அதைவிடக் கருமையாக இருந்தால் எனக்குத் தெரிந்து எப்போதும் ஏதோ தப்பு. இது இயற்பியல் விதி இல்லை, என் கைப்பழக்கத்தில் வந்த அளவுகோல், ஆனால் பெரும்பாலும் கைகொடுக்கிறது. மாற்றுவழி எதுவும் தெரியாவிட்டால் தாடிக் குரூப்பின் Opacity-ஐ 85-க்குக் குறைத்துப் பாருங்கள். நாம் எல்லோரும் தேவைக்கு மேல் அடர்த்தியாகத்தான் வரைகிறோம்.

தலைமுடி ஸ்டைலுக்கு ஓரம், திசை, கூர்மை என்ற அதே விஷயங்கள் பொருந்தும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம், முடியைக் கூட்டுவது சுலபம், குறைப்பது கடினம். குட்டை முடியை நீளமாக்கினால் இருப்பதை மறைக்கிறீர்கள், அவ்வளவுதான். நீள முடியைக் குட்டையாக்கினால் முடி மறைத்திருந்த காது, கழுத்து, சட்டைக் கழுத்து, பின்னணி எல்லாவற்றையும் புதிதாக உண்டாக்க வேண்டும். காது ஆளுக்கு ஆள் வேறு. தெரிந்தவர்கள் அதைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்பார்கள். அதே ஆளின் வேறொரு படத்தில் காது தெரிந்தால் அதிலிருந்து எடுங்கள், அப்படி ஒரு படம் இல்லையென்றால் காதை மூடுகிற ஸ்டைலையே தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

தலைமுடியில் அதிகம் தவறுவது இரண்டு இடங்கள். ஒன்று மண்டையின் உயரம். நேராகப் பார்க்கும் முகத்தில் கண்கள் ஏறக்குறைய மோவாய்க்கும் உச்சிக்கும் நடுவில் இருக்கும். கண்ணிலிருந்து மோவாய் வரை அளந்து, அதே தூரத்தை மேலே வைத்தால் மண்டையின் உச்சி. முடியின் கனம் அதற்கும் மேலே வர வேண்டும். இதைப் பார்க்காமல் புது முடியை நெற்றியோடு அழுத்தி வைத்தால் தலை தட்டையாகிவிடும். தலை குனிந்திருந்தாலோ கேமரா மேலேயிருந்து பார்த்தாலோ இந்த அளவு மாறும். இன்னொன்று நெற்றியில் முடி தொடங்கும் கோடு. அது கோடே கிடையாது. முன்னால் மெல்லிய, குட்டையான, வெளிறிய முடிகள் சிதறி நிற்கும், அதற்குப் பின்னால் தோல் தெரியும் ஒரு பகுதி, அதற்கப்புறம்தான் அடர்த்தி. தாடியின் கன்னத்து ஓரத்துக்குச் செய்ததையே இங்கேயும் செய்யுங்கள், முதலில் தோலைக் கருக்கிவிட்டு மேலே முடி. முடி நெற்றியில் விழும் ஸ்டைல் என்றால் அதன் நிழல் நெற்றியில் தெரிய வேண்டும். இரவல் முடியின் ஓரத்தில் பழைய பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் Select and Mask பகுதியில் Decontaminate Colors உதவும். அதிலும் போகாத நிறத்தை, ஓர முடிகளையே அழித்துவிட்டுக் கையால் வரைந்து சரிசெய்வதுதான் வேகம்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. இதனால் தாடி வைத்தால் தம்பி எப்படி இருப்பார் என்று நம்பும்படி ஒரு படம் கிடைக்கும், நிஜமாக அவருக்கு அப்படித்தான் வளரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. Red சேனலில் வெற்றிடம் தெரிந்த இடத்தை நிரப்பாமல் விடுங்கள் என்று சொல்வதும் அதனால்தான். நரைத்த அல்லது வெள்ளைத் தாடிக்கு Multiply உதவாது. அங்கே எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். இரவல் படத்தில் கறுப்புப் புள்ளிச் சொட்டானால் தோலைக் கறுப்பாக்கி Screen மோடில் வைக்க வேண்டும். முடி தோலைவிடத் தெளிவாக வெளுத்திருந்தால்தான் அதுவும் நடக்கும். உப்பும் மிளகும் கலந்த தாடிக்கு இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருப்பதால் முதல் முயற்சிக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கை மோவாயில் வைத்திருக்கும் படத்திலும் விரல்களுக்கு இடையே முடி வந்து போவதைக் காட்டுவது மிகக் கடினம்.

அப்புறம், உங்கள் படம் போனில் அழகு ஃபில்டர் போட்டு எடுத்ததா என்று பாருங்கள். ஃபில்டர் தோலின் துளைகளையெல்லாம் வழித்துவிட்டிருக்கும், சவரத் தடயத்தையும் சேர்த்துத்தான். அப்படிப்பட்ட தோலின் மேல் எவ்வளவு நல்ல தாடி வைத்தாலும் பொம்மை முகத்தில் முடி நட்டது போலவே இருக்கும். ஃபில்டர் இல்லாத மூலப் படம் தம்பியிடம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கி, முகத்தின் உயரம் எத்தனை பிக்சல் என்று அளப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.